ஊட்டிக் குளிரில் கொள்ளு வேக வைப்பது: ஊறும் நேரம், விசில் கணக்கு, வேகாத மணிகள்

"அக்கா, எங்கம்மா ஆறு விசில்னுதான் சொன்னாங்க. பன்னெண்டு வெச்சுட்டேன், இன்னும் கல்லு மாதிரி இருக்கு." எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் குடிவந்த தஞ்சாவூர்ப் பெண் ஒரு தட்டில் கொள்ளோடு வந்து நின்றாள். இதே பேச்சை, இதே முகத்தோடு, இந்த இருபது வருடத்தில் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். எனக்கு ஊர் கோபிப் பக்கம். கொள்ளும் கடைசலும் பிறந்த வீட்டுச் சாப்பாடு. ஆனால் ஊட்டிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கும் அது வேகவில்லை.

கொள்ளு வேகாமல் போவதற்கு ஒரே காரணம் இல்லை. மூன்று இருக்கின்றன: சரியாக ஊறாதது, ஊறினாலும் இளகாதது, குக்கரில் சூடு போதாதது. விசிலைக் கூட்டினால் தீருவது மூன்றாவது மட்டும்தான். அதனால் விசிலுக்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைத்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன். கீழே உள்ள கணக்கெல்லாம் முழுக் கொள்ளுக்கு. காய்ந்த பச்சைப் பட்டாணிக்கு எங்கே மாறும் என்பதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

நான்கு பேருக்குக் கடைசலும் ரசமும் வைக்க ஒரு டம்ளர் கொள்ளு போதும். என் டம்ளரில் அது சுமார் 200 கிராம். மூன்று லிட்டர் குக்கர், கல்லுப்பு, ஒரு அகலமான எவர்சில்வர் தாம்பாளம், கடிகாரம். தாம்பாளம் எதற்கு என்பது ஐந்தாவது படியில் தெரியும். கடிகாரம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

குக்கரின் கேஸ்கட்டை ஒருமுறை வளைத்துப் பாருங்கள். குளிரில் கிடந்த ரப்பர் விறைத்துப்போய் மூடியில் சரியாக உட்காராது, ஓரத்தில் ஆவி கசியும். வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் இளகிவிடும். வெடிப்பு விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

2. வாங்கும்போதே பார்ப்பது

புதுக் கொள்ளு வெளிர்ப் பழுப்பாக, ஒரே நிறமாக இருக்கும். பழசு செம்மண் நிறத்துக்குப் போய்விடும். கையில் அள்ளி மூக்கருகே கொண்டுபோனால் புதுசில் பச்சை மணம் லேசாக வரும். பழசில் சாக்கு வாடைதான் வரும்.

பழசு ஏன் ஆகாது? கொள்ளு வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால், அதன் உள்ளே மணியைக் கட்டிப் பிடித்திருக்கும் பசை போன்ற பொருள் கால்சியத்தோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு ஊறினாலும் அந்தக் கட்டு எளிதில் விடாது. மலையில் குளிர் என்பதால் இங்கே வைத்திருக்கும்போது அது அவ்வளவு வேகமாக நடப்பதில்லை. ஆனால் கொள்ளு மேலே வருவதே கீழ்நாட்டுக் குடோனில் ஒரு கோடையைக் கழித்துவிட்டு வரலாம். இங்கே நம் வீட்டில் நடப்பது வேறு: ஆனி, ஆடி மழையில் டப்பாவுக்குள் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். அதனால் மொத்தமாக வாங்காதீர்கள். அரைக் கிலோ, இறுக்கமான மூடி, அவ்வளவுதான்.

பழைய டப்பாவில் மிச்சம் இருக்கும்போது புதுசை அதன் மேலேயே கொட்டுவது நிறையப் பேர் செய்கிற தவறு. இரண்டும் வேகும் நேரம் வேறு. ஒரே குக்கரில் பாதி குழைந்தும் பாதி கடிபட்டும் வருவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

3. பொறுக்கிக் கழுவுவது

கொள்ளில் அதே நிறத்தில், அதே அளவில் சிறு கற்கள் இருக்கும். தாம்பாளத்தில் பரப்பிக் கண்ணால் பார்த்துப் பொறுக்குங்கள். அப்புறம் தண்ணீரில் அலசி, மேலே மிதப்பதை வடித்துக் கொட்டிவிடுங்கள். மிதப்பவை பூச்சி அரித்த மணிகள். கடைசி அலசலில் பாத்திரத்தைச் சாய்த்து அரிசி அரிப்பது போல அரித்தால் தப்பிய கல்லும் அடியில் நின்றுவிடும்.

4. ஊற வைப்பது: இங்கே எட்டு மணி நேரம் போதாது

கோயம்புத்தூரில் ராத்திரி ஊற வைத்துக் காலையில் எடுத்தால் கொள்ளு தயார். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் அதே எட்டு மணி நேரம் ஊறிய கொள்ளைக் கிள்ளிப் பாருங்கள். தோல் மட்டும் சுருங்கி நனைந்திருக்கும், நடுவில் நகம் இறங்காது.

தண்ணீர் மணிக்குள் தோல் முழுவதிலும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. காயோடு ஒட்டியிருந்த இடத்தில் ஒரு சிறு தழும்பு இருக்கும் பாருங்கள், முதலில் அந்தப் பக்கமாகத்தான் இறங்குகிறது. அங்கிருந்து மெல்ல மெல்ல உள்ளே பரவ வேண்டும். தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு மெதுவாகப் பரவும். விரல் மரத்துப்போகும் குழாய்த் தண்ணீரில், சன்னல் ஓரத்து மேடையில் ராத்திரி முழுக்க வைத்தால், எட்டு மணி நேரம் வைத்தோம் என்று கணக்குத்தான் மிஞ்சும்.

நான் செய்வது இது. கொதிக்கிற தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலக்கிறேன். கை வைத்தால் சுடும், ஆனால் உடனே எடுக்கத் தோன்றாது. கொள்ளைப்போல் நான்கு பங்கு தண்ணீர். ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு. மூடி போட்டு, அடுப்புக்குப் பக்கத்திலோ பழைய கம்பளித் துணியில் சுற்றியோ வைக்கிறேன். இப்படி வைத்தால் குளிர்காலத்தில் 12 மணி நேரம், ஏப்ரல், மே மாதங்களில் 9 முதல் 10 மணி நேரம். பச்சைத் தண்ணீரில்தான் ஊற வைப்பேன் என்றால் ஜனவரியில் 16 மணி நேரம் விட வேண்டும்.

உப்பு போட்டால் பயறு வேகாது என்று என் அம்மாவும் சொல்வார், உங்கள் அம்மாவும் சொல்லியிருப்பார். ஊற வைக்கும் தண்ணீரைப் பொறுத்தவரை அது சரியில்லை. மேலே சொன்ன அந்த இறுகிய பசையில் கால்சியம் பிடித்திருக்கும் இடத்தில் உப்பிலிருக்கும் சோடியம் போய் உட்காருகிறது. கட்டு தளர்கிறது, தோலும் மெதுவாகிறது. நான் நம்பாமல்தான் இருந்தேன். ஒரே கொள்ளை இரண்டு கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் மட்டும் உப்புப் போட்டு ஊற வைத்து, ஒரே குக்கரில் இரண்டு சிறு பாத்திரங்களில் வேக வைத்துப் பார்த்த பிறகுதான் அம்மாவிடம் வாதாடத் துணிந்தேன்.

ஹாட்பாக்ஸில் ஊற வைக்கும் வழியும் உண்டு. அதில் சூடு நிற்பதால் 5 முதல் 6 மணி நேரத்தில் ஊறிவிடும். ஆனால் அதைப் போட்டுவிட்டு ராத்திரி தூங்கிவிடாதீர்கள். வெதுவெதுப்பிலேயே நெடுநேரம் கிடந்தால் நுரை விட்டுப் புளிக்கும். நுரையும் புளித்த வாடையும் இருந்தால் அந்தக் கொள்ளைக் கொட்டிவிடுவதுதான் நல்லது.

5. ஊறிய பிறகு தாம்பாளத்தில் கொட்டிப் பார்ப்பது

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நேரம் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

தண்ணீரை வடித்து, கொள்ளைத் தாம்பாளத்தில் ஒரு படையாகப் பரப்புங்கள். நன்றாக ஊறியது காய்ந்த கொள்ளைப்போல் இரண்டு பங்கு கனத்துக்கு வந்திருக்கும், உப்பியிருக்கும், தோலில் பளபளப்பு போயிருக்கும். அவற்றுக்கு நடுவே சில மணிகள் வாங்கியபோது இருந்த அதே அளவில், அதே பளபளப்போடு, அடர் நிறத்தில் கிடக்கும். தாம்பாளத்தை லேசாகச் சாய்த்துத் தட்டுங்கள். ஊறியவை ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, இவை மட்டும் 'டிக் டிக்' என்று உருண்டு ஓரத்துக்கு வந்துவிடும்.

இவைதான் முதல் வகை. இவற்றின் தோல் தண்ணீரையே உள்ளே விடுவதில்லை. விதை மழைக்கு ஏமாந்து ஒரே நாளில் எல்லாம் முளைத்துவிடாமல் இருக்கச் செடி செய்து வைத்த ஏற்பாடு. காட்டில் நல்லதுதான், குக்கரில் நமக்குத் தொல்லை. பத்து விசில் விட்டாலும் இவை பல்லில் மாட்டும்.

கொஞ்சமாக இருந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். ஒரு கைப்பிடி அளவு தேறினால், அவற்றை மட்டும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். பாதிக்கு மேல் தோல் வெடித்துத் தண்ணீர் குடித்துவிடும். அதற்கும் அசையாதவற்றை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு இரண்டாக உடைத்து ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தோல் உடைந்துவிட்டால் அப்புறம் அதுவும் சாதாரணக் கொள்ளுதான்.

வாங்கிய கொள்ளில் இந்த வகை நிறைய இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை ஊற வைப்பதற்கு முன்பே வெறும் வாணலியில் மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் வறுத்துக்கொள்ளுங்கள். சூட்டில் தோலில் நுண்ணிய கீறல் விழும். வாசம் வரத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். நிறம் மாறும் வரை வறுத்தால் உள்ளே இறுகிவிடும், எடுத்த நோக்கமே கெடும்.

இரண்டாவது வகையை இந்தத் தாம்பாளத்தில் கண்டுபிடிக்க முடியாது. அது நன்றாக உப்பியிருக்கும், நகமும் இறங்கும். ஆனால் வெந்த பிறகும் நடுவில் மணல் போல நறநறக்கும். அதுதான் நான் சொன்ன குடோன் பழசு. ஒரே இடத்தில் வாங்கிய கொள்ளு இரண்டு முறை இப்படி வந்துவிட்டால் அதற்கு மருந்து சமையல் சோடாதான். ஊற வைக்கும்போது ஒரு டம்ளர் கொள்ளுக்குக் கால் தேக்கரண்டி. வேக வைக்கும் முன் அந்தத் தண்ணீரை வடித்து இரண்டு முறை நன்றாக அலச வேண்டும். கூடினால் சோப்பு வாடை வரும், தோல் கழன்று கஞ்சியாகும், பி1 வைட்டமினும் பெரும்பாலும் போய்விடும். வேக வைக்கும் தண்ணீரில் நான் சோடா போடுவதே இல்லை. ரசத்துக்கு அந்தத் தண்ணீர்தானே வேண்டும்.

6. குக்கரில் போடுவது: என்னென்ன சேர்க்கக் கூடாது

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த கொள்ளு ஒரு டம்ளர் என்றால் தண்ணீர் நான்கு டம்ளர். ரசம் வேண்டாம், சுண்டல் மட்டும் என்றால் மூன்று. அதற்குக் கீழே போகாதீர்கள். இங்கே அடுப்பில் வைக்கும் நேரம் கூடுதல், ஒவ்வொரு விசிலுக்கும் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகப் போகிறது. விசிலைக் கூட்டுகிறவர்கள் தண்ணீரைக் கூட்ட மறந்து, அடிப்பிடித்து சேஃப்டி வால்வு போன கதை எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு.

தண்ணீர் கொதிநீராக இருக்கட்டும். குழாயில் வரும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் முதல் விசிலுக்கே கால் மணி நேரம் போய்விடும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள், நுரை பொங்கி வெயிட் துவாரத்தை அடைக்காது. குக்கர் பாதிக்கு மேல் நிறையக் கூடாது.

புளி, தக்காளி, எலுமிச்சை எதையும் இப்போது போடக் கூடாது. புளிப்பு இருக்கும் தண்ணீரில் அந்தப் பசை கரையவே கரையாது, மேலும் இறுகும். ஊட்டிக்கு வந்த புதிதில் வேலை மிச்சம் என்று நான் கொள்ளு, தக்காளி, புளி, பூண்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டேன். பதினான்கு விசில். தக்காளி கரைந்து காணாமல் போயிருந்தது, கொள்ளு மட்டும் தனித்தனியாக மினுமினுத்தது. வெல்லமும் இதே போலத்தான் இறுக்கும். பூண்டு, சீரகம், மிளகாய் பரவாயில்லை, கூடவே போடலாம்.

தண்ணீரையும் ஒரு கண் பாருங்கள். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குப் படிந்தால் அது கால்சியம் மிகுந்த உப்புத் தண்ணீர். ஓடைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் வரும் வீடுகளில் இந்தத் தொந்தரவு குறைவு. போர் போட்ட இடங்களில் வரலாம். அப்படி இருந்தால் கொள்ளுக்கு மட்டும் குடிக்க வைத்திருக்கும் வடிகட்டிய தண்ணீரை எடுங்கள்.

7. விசிலை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுவது

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோயம்புத்தூரில் அது 98 டிகிரிக்கு மேல். கொதிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம், சூடு அதற்கு மேல் ஏறாது. அதனால் திறந்த பாத்திரத்தில் முழுக் கொள்ளை வேக வைக்கும் எண்ணத்தையே இங்கே விட்டுவிடுங்கள்.

குக்கர் இருந்தால் உயரம் பற்றிக் கவலை இல்லை என்று நினைப்பது பாதிதான் சரி. வெயிட் என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே எவ்வளவு என்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது. வெளிக்காற்றே இங்கே லேசு என்பதால், கோயம்புத்தூரில் உள்ளே 119 டிகிரி வரை போகும் அதே குக்கர், ஊட்டியில் 116 டிகிரியோடு நின்றுவிடும். மூன்று டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் வேகும் நேரத்தில் அது கால் பங்கைக் கூட்டிவிடும். கீழே 20 நிமிடம் என்றால் ஊட்டியில் 25. கொடைக்கானலுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. குன்னூர், கோத்தகிரி என்றால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும். கூடலூரில் இரண்டு நிமிடம் கூட்டினாலே சரியாகிவிடும்.

சரி, ஏன் விசிலை எண்ணக் கூடாது? தீ எப்படி, குக்கர் எவ்வளவு பெரிது, எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு விசிலுக்கு நடுவே ஒரு நிமிடமும் ஆகலாம், ஐந்து நிமிடமும் ஆகலாம். மேல் மாடிப் பெண்ணின் பன்னிரண்டு விசிலைக் கேட்டுக் கேட்டு விசாரித்தேன். பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்திருக்கிறாள், மொத்தமே பதினோரு நிமிடம். அவளுடைய அம்மா சொன்ன ஆறு விசில் சிம்மில் வைத்த ஆறு. அது இருபது நிமிடத்துக்கு மேல் வரும். எண்ணிக்கையில் இரண்டு மடங்கு வைத்தவள், நேரத்தில் பாதிதான் வைத்திருக்கிறாள்.

ஆகவே செய்ய வேண்டியது இது. பெரிய தீயில் வைத்து, ஆவி நேராகச் சீறி வந்த பிறகு வெயிட் போடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஊட்டியில் நன்றாக ஊறிய கொள்ளு சுண்டலுக்கு 20 நிமிடம், மசித்துக் கடைய 28 நிமிடம். ஊறாத கொள்ளை அவசரத்துக்கு வைத்தால் 45 நிமிடம் ஆகும், தண்ணீரும் ஒரு டம்ளர் கூட வேண்டும். அப்படியும் சீராக வேகாது.

தீயை எவ்வளவு குறைப்பது? இங்கேதான் மலைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். சமையலறைச் சன்னல் இடுக்கில் வரும் காற்றும் குளிரும் குக்கரின் சூட்டைத் தின்றுகொண்டே இருக்கும். கீழ்நாட்டில் வைக்கும் சிம்மில் வைத்தால் அழுத்தம் மெல்ல இறங்கி, வெயிட் அப்படியே ஊமையாகிவிடும். நீங்கள் நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பீர்கள், உள்ளே சூடு குறைந்துகொண்டிருக்கும். காதை வைத்துக் கேளுங்கள். வெயிட்டைச் சுற்றி 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் விடாமல் இருக்க வேண்டும், நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு விசில் வர வேண்டும். பத்து நிமிடம் விசிலே இல்லை என்றால் தீயைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சிலிண்டர் தீரும் தறுவாயில் குளிர்காலத்தில் தீ தானாகவே சோர்ந்துபோகும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

8. இறக்குவதும் திறப்பதும்

அடுப்பை அணைத்துவிட்டுக் குக்கரை அதே இடத்தில் விட்டுவிடுங்கள். ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரேயடியாகக் கொந்தளித்து, தோல் ஒரு பக்கம் பருப்பு ஒரு பக்கம் என்று பிய்ந்துவிடும். குழாயடியில் காட்டுவதும் வேண்டாம். கீழே அடங்க எடுக்கும் நேரத்தைவிட இங்கே சீக்கிரமே அடங்கிவிடும். அந்த நேரமும் வேகும் நேரத்தில் சேர்த்திதான் என்பதால், மேலே ஒரு கெட்டித் துண்டைப் போர்த்திக் காற்றுப் படாமல் வைக்கிறேன். அடுப்பு முழுவதும் அணைந்த பிறகு மட்டும் துண்டைப் போடுங்கள்.

9. வெந்ததா என்று பார்ப்பது

மேலே மிதக்கும் ஒரு மணியை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு வெந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறி, வெவ்வேறு இடத்திலிருந்து ஐந்து மணிகள் எடுங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் வழுக்கி விலக, உள்ளே இருப்பது வெண்ணெய் போலப் பரவ வேண்டும். நறநறத்தால் இன்னும் ஆகவில்லை. ஒன்றை நகத்தால் இரண்டாகப் பிளந்தால் நடுவில் வெளுத்த புள்ளி தெரிகிறதா என்றும் பாருங்கள். அது இன்னும் வேகாத இடம்.

ஐந்தும் ஒரே மாதிரி கொஞ்சம் கெட்டியாக இருந்தால் நேரம்தான் போதவில்லை. அரை டம்ளர் கொதிநீர் சேர்த்து, மறுபடி முதல் விசிலிலிருந்து 10 நிமிடம். நான்கு குழைந்து ஒன்று மட்டும் கல்லாக இருந்தால் அது தாம்பாளத்தில் தப்பிய மணி. மேலும் வேக வைத்துப் பயனில்லை, கடைந்து வடிகட்டிவிடுங்கள். எல்லாமே உப்பி, எல்லாமே நறநறத்து, இரண்டாம் முறையும் அப்படியே நின்றால் அது பழைய சரக்கு. அதை அரைத்துத் துவையலாக்கிவிடலாம்.

10. ஒரு ஜனவரி இரவு, நேரத்தோடு

மேல் மாடிப் பெண்ணுக்காக அதே கொள்ளை மறுபடி செய்து காட்டினேன். ராத்திரி எட்டு மணி, 200 கிராம். பாதிக் கொதிநீர், பாதிக் குழாய்த் தண்ணீர், உப்பு. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தோம். காலை எட்டரைக்கு வடித்து நிறுத்தால் 380 கிராம். தாம்பாளத்தில் கொட்டித் தட்டியபோது ஓரத்துக்கு வந்தவை ஒரு தேக்கரண்டிதான். அவள் அதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு டம்ளர் கொதிநீர், எண்ணெய், நான்கு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி சீரகம். முதல் விசில் 8.52க்கு வந்தது. தீயைக் குறைத்தோம். முதல் தடவை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டாள், சத்தம் நின்றுபோனது, ஏற்றச் சொன்னேன். அதற்கு இரண்டு நிமிடம் சேர்த்து 9.22க்கு அணைத்தோம். மொத்தம் ஆறே விசில். துண்டு போர்த்தி, மூடியைத் திறந்தபோது 9.35.

மேலே நின்ற தண்ணீரை ரசத்துக்கு வடித்தோம். கொள்ளைச் சட்டியில் போட்டு மத்தால் கடைந்தபோது பத்து சுற்றிலேயே மசிந்தது. உப்பு அப்போதுதான். புளித் தண்ணீர் ரசத்தில் மட்டும், வடித்த பிறகு. தக்காளி வேண்டுமென்றால் சின்ன வெங்காயத்தோடு தாளிப்பில் வதக்கிச் சேருங்கள்.

11. காய்ந்த பச்சைப் பட்டாணி என்றால்

படிகள் இதேதான், அளவுகள் மாறும். பட்டாணி பெரிது, தோல் மெல்லிசு. அதனால் மேலே சொன்ன வெந்நீரிலும் உப்பிலும் குளிர்காலத்தில் 10 மணி நேரம் போதும். தண்ணீர் இரண்டரை டம்ளர். முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் சுண்டலுக்கு 9 நிமிடம், குருமாவுக்கு 12. அதற்கு மேல் போனால் உடைந்து கூழாகும். கொள்ளுக்குச் செய்த பழக்கத்தில் பட்டாணியையும் அரை மணி வைத்துவிட்டு வந்து புலம்புகிறவர்கள் உண்டு.

தாம்பாளச் சோதனை பட்டாணியில் இன்னும் எளிது. ஊறியது வழவழவென்று உருண்டு நிற்கும். ஊறாதது சுருக்கத்தோடு, சின்னதாக, கையில் எடுத்தாலே தெரியும். பழசு என்றால் பச்சை வெளுத்து மஞ்சளாகிவிடும். ஆனால் அளவுக்கு மீறிய பச்சையையும் சந்தேகப்படுங்கள். கொஞ்சம் பட்டாணியை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீரில் பச்சைச் சாயம் தனியாக இறங்கினால் அதை வேக வைக்கவே வேண்டாம், கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, கொள்ளையும் பட்டாணியையும் ஒன்றாகப் போட்டு வைக்காதீர்கள். கொள்ளு வேகும் நேரத்தில் பட்டாணி கரைந்து, பாத்திரத்தின் அடியில் படிந்து பிடிக்கும். இரண்டும் வேண்டுமென்றால் கொள்ளுக்கு 18 நிமிடம் முடிந்ததும் அணைத்து, ஆவி அடங்கத் திறந்து, ஊறிய பட்டாணியை அப்போது சேர்த்து, மறுபடி முதல் விசிலிலிருந்து 9 நிமிடம் வையுங்கள்.